பென் டிரைவுக்கு முன்னால் ஆய்வகத்தைச் சோதியுங்கள்

பள்ளிக் கணினி ஆய்வகத்தில் “பென் டிரைவ் கெட்டுப்போச்சு சார்” என்று மாணவர்கள் சொல்லும்போது, இரண்டில் ஒன்று நடந்திருக்கும். வைரஸ் புகுந்திருக்கலாம், அல்லது கோப்புகளின் இருப்பிடத்தைக் குறித்துவைக்கும் அட்டவணை சிதைந்திருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால், எது என்று கண்டறிவதே ஆசிரியரின் முதல் வேலை. ஃபோல்டர்களின் படத்தில் சிறு அம்புக்குறி ஒட்டியிருந்து, ஒவ்வொன்றும் ஓரிரு கேபி அளவே காட்டினால், அல்லது கோப்புகள் கண்ணுக்குத் தெரியாமலேயே Properties-இல் இடம் நிரம்பியிருப்பதாகக் காட்டினால் அது வைரஸ். கோப்புப் பெயர்கள் புரியாத எழுத்துகளாக மாறியிருந்தாலோ, செருகியதும் “You need to format the disk” என்று விண்டோஸ் கேட்டாலோ, பெரும்பாலும் அது அட்டவணைச் சிதைவு.

பள்ளிகளில் அதிகம் காணப்படுவது ‘ஷார்ட்கட் வைரஸ்’ என்று அழைக்கப்படும் வகை. இது எதையும் அழிப்பதில்லை. மாணவரின் ஃபோல்டர்களுக்கு Hidden, System என்ற இரு பண்புகளையும் சேர்த்து மறைத்துவிட்டு, அதே பெயர்களில் ஷார்ட்கட்டுகளை வைக்கிறது. ‘இயற்பியல்’ என்ற ஷார்ட்கட்டை மாணவர் சொடுக்கினால் முதலில் ஒளிந்திருக்கும் நிரல் ஓடும். அடுத்த நொடியே உண்மையான ஃபோல்டரும் திறக்கும். வேலை தடைபடாததால் யாருக்கும் சந்தேகம் வராது. இதற்குள் அந்த நிரல் கணினியில் தன்னை நகலெடுத்துக்கொண்டு, விண்டோஸ் தொடங்கும்போதெல்லாம் தானும் தொடங்கும்படி பதிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தக் கணினியில் செருகப்படும் எந்த பென் டிரைவும் தப்பாது.

பல ஆய்வகங்களில் தவறு நேர்வது இங்கேதான். மாணவர்களின் பென் டிரைவ்களை ஒவ்வொன்றாக ஃபார்மட் செய்து தந்துவிட்டு, கணினிகளைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அடுத்த வகுப்பிலேயே எல்லாம் பழையபடி ஆகிவிடும். எனவே முதலில் சோதிக்கவேண்டியவை கணினிகள்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. லினக்ஸ் உள்ள ஒரு கணினியை ஒதுக்கிக்கொள்ளவேண்டும். சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸோ, உபுண்டுவோ எதுவானாலும் சரி. விண்டோஸுக்காக எழுதப்பட்ட இந்த வைரஸ் அங்கே இயங்காது. விண்டோஸ் மறைத்த ஃபோல்டர்களும் அங்கே வெளிப்படையாகத் தெரியும். அந்தக் கணினியில் ஒரு பென் டிரைவை ஃபார்மட் செய்து, ஒரு ஃபோல்டரையும் ஒரு வேர்டு கோப்பையும் மட்டும் இரையாக வைக்கவேண்டும். பிறகு அதை ஆய்வகத்தின் ஒரு கணினியில் செருகி, எதையும் திறக்காமல் இரண்டு நிமிடம் விட்டு, வெளியே எடுத்து லினக்ஸில் பார்க்கவேண்டும்.

இருபது கணினிகள் உள்ள ஓர் ஆய்வகத்தை எடுத்துக்கொள்வோம். முதல் ஆறு கணினிகளில் செருகி எடுத்தபோது இரண்டு உருப்படிகளும் அப்படியே இருக்கின்றன. விண்டோஸ் தானாக உருவாக்கும் System Volume Information என்ற ஃபோல்டர் மட்டும் கூடியிருக்கிறது. அது தீங்கற்றது. ஏழாவது கணினியிலிருந்து எடுத்தபோது .lnk என்று முடியும் இரு கோப்புகளும், .vbs என்று முடியும் ஒன்றும் புதிதாக வந்திருக்கின்றன. ஏழாம் எண்ணில் ஒரு சிவப்புத் தாளை ஒட்டிவிட்டு, பென் டிரைவை மீண்டும் ஃபார்மட் செய்து, இரையைப் புதிதாக வைத்து எட்டாவதற்குப் போகவேண்டும். இடையில் ஃபார்மட் செய்ய மறந்தால் சோதனையே குழம்பிவிடும். இருபதையும் முடிக்க ஒரு பிற்பகல் ஆகலாம். ஆனால் எங்கே சிக்கல் என்பது ஊகமாக இல்லாமல் உறுதியாகத் தெரிந்துவிடும்.

சிவப்புத் தாள் ஒட்டிய கணினிகளில் முதலில் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிடவேண்டும். சில வகைகள் பகிர்ந்த ஃபோல்டர்கள் வழியாகவும் பரவும். விண்டோஸ் 10, 11-இல் Windows Security-க்குள் Microsoft Defender Offline scan இருக்கிறது. கணினி மறுதொடக்கமாகி, விண்டோஸ் முழுமையாக எழும் முன்பே இது தேடுவதால், ஓடிக்கொண்டிருக்கும் வைரஸ் தன்னைக் காத்துக்கொள்ள வாய்ப்புக் குறைவு. சுமார் கால்மணி நேரம் பிடிக்கும். முடிந்ததும் இரை வைத்த பென் டிரைவால் மறுபடி சோதிக்கவேண்டும். அப்போதும் ஷார்ட்கட் முளைத்தால், ஆய்வுப் பாடக் கோப்புகளை லினக்ஸ் வழியே நகலெடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே நேரத்தை மிச்சப்படுத்தும். மறுதொடக்கத்தில் கணினியைப் பழைய நிலைக்குத் திருப்பும் ‘ஃப்ரீஸ்’ மென்பொருள்களை இந்தச் சோதனை முடிந்த பிறகே போடவேண்டும். முன்பே போட்டால் வைரஸும் சேர்ந்து உறைந்துவிடும்.

கணினிகள் சுத்தமான பிறகு மாணவர்களின் பென் டிரைவ்களுக்கு வரலாம். லினக்ஸ் கணினியில் ஷார்ட்கட்டுகளையும் அறிமுகமில்லாத .vbs, .js, .exe கோப்புகளையும் நீக்கினால் போதும். மாணவர் எழுதியவை பத்திரமாக இருக்கும். மறைப்பை நீக்க, சுத்தமான விண்டோஸ் கணினியில் இந்தக் கட்டளை உதவும். E என்ற இடத்தில் அந்தந்த டிரைவின் எழுத்தை இடவேண்டும்.

```
attrib -h -r -s /s /d E:\*.*
```

வைரஸ் மறுபடி வருவதை முழுவதும் தடுக்கமுடியாது. பிரிண்ட் எடுக்கும் கடைக்குப் போய்வந்த பென் டிரைவ் நாளையே எதையாவது கொண்டுவரும். ஆனால் பரவலைக் கடினமாக்கலாம். மாணவர்களுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கைத் தராமல் சாதாரணக் கணக்கைத் தரவேண்டும். .vbs, .js வகை நிரல்களை ஓட்டும் விண்டோஸ் உறுப்பை, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கட்டளைச் சாளரத்தில் இப்படி அணைக்கலாம்:

```
reg add "HKLM\SOFTWARE\Microsoft\Windows Script Host\Settings" /v Enabled /t REG_DWORD /d 0 /f
```

பள்ளிப் பாடத்துக்கு அந்த உறுப்பு அநேகமாகத் தேவைப்படாது. தேவைப்பட்டால் 0 உள்ள இடத்தில் 1 போட்டு மீட்டுக்கொள்ளலாம். .exe வடிவில் வருபவற்றை இது தடுக்காது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். வெளியிலிருந்து வரும் பென் டிரைவ் முதலில் லினக்ஸ் கணினியில்தான் திறக்கப்படும் என்ற விதி இருந்தால், அவை பெரும்பாலும் வாசலிலேயே தெரிந்துவிடும்.

அட்டவணைச் சிதைவுக்கு வைரஸ் காரணமல்ல, அவசரமே காரணம். மணி அடித்ததும் வேர்டு கோப்பு திறந்திருக்கும்போதே மாணவர் பென் டிரைவைப் பிடுங்குகிறார். எழுதிக்கொண்டிருந்த அட்டவணை பாதியில் நிற்கிறது. பென் டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் FAT32, exFAT முறைகளில், பாதியில் நின்ற எழுத்தைப் பின்னர் சரிசெய்துகொள்ளும் குறிப்பேடு கிடையாது. ஆகவே கோப்பை டெஸ்க்டாப்புக்கு நகலெடுத்து, அங்கேயே வேலைசெய்து, சேமித்து, மூடி, பென் டிரைவுக்குத் திரும்ப நகலெடுத்து, Eject கொடுத்த பிறகே கழற்றவேண்டும். வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே இதற்கான அறிவிப்பைத் தருவது, சுவரில் ஒட்டும் எந்த எச்சரிக்கையையும்விடப் பலன் தரும்.

ஃபார்மட் செய்யச் சொல்லும் பென் டிரைவில் சம்மதம் தரக்கூடாது. முதலில் லினக்ஸில் திறக்கிறதா என்று பார்த்து, திறந்தால் கோப்புகளை வெளியே எடுத்துவிடவேண்டும். அதன் பிறகே பழுதுபார்க்கும் கட்டளை:

```
chkdsk E: /f
```

இது உரிமையாளர் தெரியாத துண்டுகளை FOUND.000 என்ற ஃபோல்டரில் போட்டுவைக்கும். அவற்றில் சில மட்டுமே மீண்டும் பயன்படும். டிரைவின் கொள்ளளவே பூஜ்யம் என்று காட்டினால் கெட்டது உள்ளிருக்கும் சிப். எந்தக் கட்டளையும் உதவாது. மிக மலிவாகக் கிடைத்த 64 ஜிபி பென் டிரைவில் தொடக்கத்தில் வைத்தவை மட்டும் திறந்து, பிந்தையவை திறக்காவிட்டால், அதன் உண்மையான அளவே குறைவாக இருக்கலாம். காலி டிரைவை விளிம்புவரை நிரப்பித் திரும்பப் படித்துப் பார்க்கும் H2testw என்ற இலவச மென்பொருள் அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு பதிவேட்டில் தேதி, மாணவரின் வகுப்பு, கணினி எண், நேர்ந்த சிக்கல் என்று நான்கு கட்டங்கள் போட்டுவந்தால் போதும். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்து, அந்தக் கணினி இரைச் சோதனையில் சுத்தமாகவும் இருந்தால், பார்க்கவேண்டியது அதன் முன்பக்க யுஎஸ்பி துளையை. அது தளர்ந்திருந்தால் லேசாகக் கை பட்டாலே இணைப்பு அறுந்துபோகும். அந்தத் துளையை டேப் ஒட்டி மூடிவிட்டு, பின்பக்கத் துளையிலிருந்து ஒரு நீட்டிப்பு வயரை மேசைக்கு இழுத்துத் தரலாம்.