முந்நூறு பேருக்குச் சாம்பார் சாதம்: உப்பை அள்ளிப் போடாதீர்கள், எடை போடுங்கள்

மரக்காணத்தில் கல் உப்புக்குப் பஞ்சமில்லை. அதனால் அந்தப் பக்கத்துச் சமையல் குறிப்புகளில் உப்பு பெரும்பாலும் கரண்டிக் கணக்குதான். பத்துப் பேருக்கு அது போதும். காதுகுத்துக்கு முந்நூறு பேர் என்று ஆர்டர் வந்தால் சிக்கல் தொடங்குகிறது.

பத்துப் பேருக்கான வீட்டுக் குறிப்பு இப்படி இருப்பதாகக் கொள்வோம்: அரிசி 1 கிலோ, துவரம்பருப்பு 400 கிராம், மூன்று கரண்டி கல் உப்பு. வெந்ததும் 6 கிலோ சாதம். முப்பதால் பெருக்கினால் அரிசி 30 கிலோ, பருப்பு 12 கிலோ, உப்பு 90 கரண்டி. கல் உப்பின் பரல்களுக்கு நடுவே காற்று நிற்கும். தூள் உப்பு நெருங்கி அடங்கும். கரண்டிக்குக் கல் உப்பு 20 கிராம், தூள் 25 கிராம் என்றால், அதே கரண்டியால் தூளை அள்ளிப் போடும்போது 90 கரண்டியில் 1.8 கிலோவுக்குப் பதில் 2.25 கிலோ விழும். அண்டாவில் உள்ள 180 கிலோ சாதமும் கரித்துவிடும். உருளைக்கிழங்கைப் போட்டு இதைச் சரிக்கட்ட முடியாது. அது உப்பை மட்டும் பிரித்து இழுப்பதில்லை. உப்பில்லாமல் வேகவைத்த 45 கிலோ சாதத்தைக் கலந்தால்தான் பழைய ருசிக்கு வரும். பொருள் செலவு ஒரு ஆளுக்கு 30 ரூபாய் என்றால், அந்த 75 பேர் சாப்பாட்டுக்கு 2,250 ரூபாய் வீண்.

பெருக்கும் முன் உப்பு, புளி, மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கிராமுக்கு மாற்றுங்கள். தண்ணீரை மட்டும் அப்படியே பெருக்கக் கூடாது. பெரிய அண்டாவில் அளவுக்கு ஏற்ப ஆவி குறைவாகவே போகும். தண்ணீரையும் உப்பையும் பத்தில் ஒரு பங்கு நிறுத்திவைத்து, ருசி பார்த்துச் சேர்ப்பதே நல்ல பழக்கம்.

இனி விலை. பத்து சதவீதம் கூடுதலாக, 330 பேருக்குச் சமைத்தால் பொருள் 9,900 ரூபாய். கூலி, எரிபொருள், வண்டி, இலை 9,000 என்று வையுங்கள். மொத்தம் 18,900. இதை 330-ஆல் வகுத்தால் இலைக்கு 57 ரூபாய் சொச்சம் என்று தெரியும். ஆனால் பணம் வருவது 300 இலைக்குத்தான். உண்மையான அடக்கம் 63. இங்கேதான் பலர் நட்டப்படுகிறார்கள்.

உப்பளத்தில் இருந்து நேரே வரும் உப்பில் அயோடின் சேர்த்திருக்காது. மனிதர் நேரடியாக உண்பதற்கு அதை விற்க, உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை உண்டு. கல் உப்பானாலும் அயோடின் சேர்த்த பாக்கெட்டையே வாங்குங்கள். கடைத் தராசில் முத்திரை இல்லையென்றாலோ, எடை குறைந்தாலோ தொழிலாளர் துறையிடம் புகார் செய்யலாம்.

ஆர்டர் கொடுப்பவர் இலை எண்ணிக்கை, இலைக்கு விலை, பதார்த்தங்கள், முன்பணம் ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். சாப்பாடு குறைந்தால் அன்றே படமும் ஆட்களின் சாட்சியும் சேர்த்து வையுங்கள். முதலில் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. சமையல்காரருக்கும் அந்தச் சீட்டுதான் காவல்: 300 என்று எழுதிய இடத்தில் 380 பேர் வந்து உட்கார்ந்தால், குறை யாருடையது என்று அதுவே சொல்லும்.