டெபாசிட் போட போனவர் தலையில் பாலிசியா? 30 நாளுக்குள் எழுதி கொடுத்தால் பணம் வாபஸ்

வங்கியில் 1 லட்சம் ரூபாய் டெபாசிட் போட போகிறார் ஒரு பெரியவர். காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்து போடுகிறார். சில நாளில் வீட்டுக்கு வந்ததோ இன்சூரன்ஸ் பாண்டு! வருஷத்துக்கு 1 லட்சம் வீதம் 10 வருஷம் கட்ட வேண்டுமாம்.

பதற வேண்டாம். பாண்டு கைக்கு கிடைத்த நாளில் இருந்து 30 நாளுக்குள் பாலிசியே வேண்டாம் என்று சொல்லலாம். 2024-ல் வந்த விதி இது. இதற்கு 'ப்ரீ லுக்' என்று பெயர். இ-மெயிலில் பாண்டு வந்திருந்தால் அந்த தேதிதான் கணக்கு. தபால் என்றால் கவரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வங்கியில் போய் கேட்டால், 'அடுத்த மாசம் வாங்க, பாத்துக்கலாம்' என்பார்கள். அதற்குள் 30 நாள் ஓடிவிடும். பாலிசியை கொடுத்தது இன்சூரன்ஸ் கம்பெனி, வங்கி வெறும் ஏஜெண்டுதான். எனவே கம்பெனி கிளையிலேயே எழுதி கொடுத்து, தேதியுடன் சீல் வாங்க வேண்டும். பாண்டில் உள்ள இ-மெயிலுக்கும் அனுப்பலாம். வங்கி கணக்கு விவரம், கேன்சல் செய்த செக் இணைக்க வேண்டும்.

முழு தொகையும் வராது. பாதுகாப்பு இருந்த நாட்களுக்கான சிறு தொகை, மருத்துவ பரிசோதனை செலவு, முத்திரை கட்டணம் கழியும். 10 லட்சம் ரூபாய் பாலிசிக்கு முத்திரை கட்டணம் சுமார் 200 ரூபாய்தான்.

விண்ணப்பம் கிடைத்த 7 நாளில் பணம் வர வேண்டும். இழுத்தடித்தால் 155255 என்ற எண்ணில் புகார் செய்யலாம். அடுத்த வருஷ தவணை தானாக பிடிக்காமல் இருக்க, வங்கியில் கொடுத்த ஆட்டோ டெபிட்டையும் மறக்காமல் ரத்து செய்ய வேண்டும்.