கரண்ட் போனாலும் நேர்காணல் நிற்கக் கூடாது

காலை 11 மணிக்கு ஜூமில் நேர்காணல். லேப்டாப்பில் நூறு சதவீத சார்ஜ். 11.20-க்குக் கரண்ட் போகிறது. லேப்டாப் அணையவில்லை, திரை கொஞ்சம் மங்கியதோடு சரி. ஆனால் எதிர்முனையில் பேசிக்கொண்டிருந்தவர் பாதி வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டார். காரணம் ஹாலில் டிவிக்குப் பின்னால் இருக்கிறது: ரவுட்டரின் விளக்குகள் அணைந்துவிட்டன. லேப்டாப்புக்கு பேட்டரி உண்டு, ரவுட்டருக்குக் கிடையாது. வீட்டிலிருந்தே நேர்காணல் கொடுக்கும் பலர் இந்தச் சின்ன விஷயத்தைக் கரண்ட் போன பிறகுதான் உணர்கிறார்கள்.

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கலாம். ஆனால் ஒயரிங் செய்யும்போது எலெக்ட்ரீஷியன் பெரும்பாலும் ஃபேன், லைட் லைனைத்தான் இன்வெர்ட்டருக்குக் கொடுத்திருப்பார். டிவி பக்கத்து பிளக் பாயின்ட் அதில் சேர்ந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தெரிந்துகொள்ள ஒரே வழிதான்: நேர்காணலுக்கு முந்தைய நாள், தெரிந்த ஒருவரோடு வீடியோ அழைப்பில் இருந்துகொண்டே, மெயின் சுவிட்சை இறக்கிவிடுங்கள். இருபது நிமிடம் அப்படியே பேசுங்கள். நேர்காணலுக்கான தயாரிப்பில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், நான் இதைத்தான் செய்யச் சொல்வேன். பேட்டரி, இணையம், சத்தம், மாற்றுக் கருவி எல்லாவற்றின் யோக்கியதையும் அந்த இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் வரை நீடிக்கும். நிறுவனங்கள் நேர்காணல் வைப்பதும் அதே நேரத்தில்தான். மின்வாரியத்தின் அறிவிப்பு நாளிதழிலும் குறுஞ்செய்தியிலும் முன்கூட்டியே வருகிறது. நேரம் உறுதி செய்யும் மின்னஞ்சலுக்குப் பதில் போடுவதற்கு முன் அதைப் பார்த்துவிட்டால், மாலை 4 மணிக்கு மாற்ற முடியுமா என்று கேட்கலாம். முன்கூட்டியே கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

மெயினை இறக்கியாகிவிட்டது. முதலில் பேட்டரியைப் பாருங்கள். திரையின் மூலையில் காட்டும் ‘மூன்று மணி நேரம் மீதம்’ என்பதை நம்ப வேண்டாம். அது அதுவரை நீங்கள் செய்துகொண்டிருந்த வேலையை வைத்துப் போட்ட கணக்கு. வீடியோ அழைப்பில் கேமராவும் மைக்கும் இணையமும் ஒரே நேரத்தில் ஓடுவதால் பேட்டரி வேகமாக இறங்கும். அழைப்பு தொடங்கியபோது நூறு, இருபது நிமிடம் கழித்து எழுபத்தாறு என்று வைத்துக்கொள்வோம். இருபது நிமிடத்துக்கு இருபத்து நான்கு சதவீதம் என்றால், மொத்தத்துக்கும் எண்பது நிமிடம் சொச்சம். பழைய பேட்டரி கடைசி வரை ஒரே சீராக இறங்காது. இருபத்தைந்தில் நிற்பது போல இருந்து திடீரென்று அணைந்துவிடும். ஆகவே ஒரு மணி நேரம்தான் கைவசம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

பேட்டரியின் வயதை லேப்டாப்பையே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

```
powercfg /batteryreport
```

ஒரு அறிக்கை உருவாகி, அது எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்றும் காட்டும். அதில் DESIGN CAPACITY என்பது பேட்டரி புதிதாக இருந்தபோதைய கொள்ளளவு. FULL CHARGE CAPACITY என்பது இன்றைக்கு முழுதாக ஏற்றினால் கொள்வது. முன்னது 41,000, பின்னது 22,000 என்றிருந்தால் உங்கள் ‘நூறு சதவீதம்’ உண்மையில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். பயப்பட வேண்டியதில்லை, தெரிந்துகொண்டால் போதும். நேர்காணல் முழுவதும் சார்ஜர் செருகியே இருக்கட்டும். பேட்டரியைக் கரண்ட் போகும் நேரத்துக்கு விட்டுவிடுங்கள். சார்ஜர் ஒயரைத் தாத்தா நடந்து போகும் வழியில் இழுக்காதீர்கள்.

அடுத்து ரவுட்டர். இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் பாயின்டுக்கு அதை மாற்ற முடிந்தால் விஷயம் முடிந்தது. முடியாவிட்டால் ரவுட்டருக்கென்றே சிறிய யுபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது. வாங்குமுன் ரவுட்டரின் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவைப் பார்த்துப் பொருந்துவதாக வாங்க வேண்டும். சில வீடுகளில் ஃபைபர் பெட்டி தனி, ரவுட்டர் தனி. இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும், தெருமுனையில் இருக்கும் கேபிள்காரரின் கருவிக்குக் கரண்ட் இல்லையென்றால் இணையம் வராது. அது நம் கையில் இல்லை. அதனால்தான் ஃபோன்.

மாற்றுக் கருவி என்று இன்னொரு லேப்டாப்பைத் தேடி அலைய வேண்டாம். கையிலிருக்கும் ஃபோனே போதும், அதைத் தயாராக வைத்திருந்தால். அதற்கு இரண்டு வேலை உண்டு. வைஃபை மட்டும் போனால் ஹாட்ஸ்பாட் கொடுக்க வேண்டும். லேப்டாப்பே படுத்துவிட்டால் அழைப்பையே எடுத்து நடத்த வேண்டும். ஹாட்ஸ்பாட்டை முந்தைய நாளே ஒருமுறை இணைத்து, லேப்டாப் அதன் கடவுச்சொல்லை நினைவில் வைத்திருக்கும்படி செய்துவிடுங்கள். ஒரு மணி நேர வீடியோ அழைப்பு சாதாரணத் தெளிவில் அரை ஜிபி அளவு தின்னும். தெளிவு கூடினால் ஒரு ஜிபியையும் தாண்டும். தினசரி ஒன்றரை ஜிபி பேக் வைத்திருப்பவர் காலையில் ரீல்ஸ் பார்த்தே பாதியைத் தீர்த்திருந்தால், பாதி நேர்காணலில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு விழுந்துவிடும். அதில் குரல்கூட ஒழுங்காகப் போகாது. லேப்டாப்பின் வைஃபை அமைப்பில் அந்த ஹாட்ஸ்பாட்டுக்கு Metered connection என்பதை இயக்கிவிட்டால், விண்டோஸ் அப்டேட் பெரும்பாலும் பின்னணியில் இறங்கி டேட்டாவைக் காலி செய்யாது.

ஃபோனிலேயே பேச வேண்டி வந்தால், அங்கே வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. பெரும்பாலான நிறுவனக் கூட்டங்களில் வெளியாட்கள் காத்திருப்பு அறையில் நின்று, அவர்கள் அனுமதித்த பிறகே உள்ளே போக முடியும். லேப்டாப்பில் உங்கள் பெயரோடு இருந்தவர், ஃபோனில் அக்காவின் கணக்கிலோ ஃபோன் மாடலின் பெயரிலோ வந்து நின்றால், உள்ளே இருப்பவருக்கு யார் என்றே தெரியாது. ஆகவே ஃபோனிலும் அதே செயலி, அதே கணக்கு, அதே பெயர். கூகுள் மீட்டில் ஒரே கணக்கு என்றால், ஃபோனில் இணைப்பைத் திறந்தவுடன் Switch here என்று வரும்; தொட்டால் அழைப்பு இங்கே மாறிவிடும். முன்னெச்சரிக்கை என்று இரண்டு கருவியிலும் சேர்ந்தே நுழைந்துவிடாதீர்கள். இரண்டின் மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று கேட்டு ஊளையிடும். ஒரே பெயர் இரண்டு கட்டத்தில் தெரிவது எதிரிலிருப்பவரின் சந்தேகத்தையும் கிளப்பும்.

ஃபோனைத் ‘தொந்தரவு செய்யாதே’ நிலையில் வையுங்கள். ஆனால் எச்ஆரின் எண்ணை நட்சத்திரமிட்ட தொடர்பாகச் சேமித்து, அவருக்கு மட்டும் விலக்கு கொடுத்துவிடுங்கள். இணைப்பு அறுந்தால் அவர் முதலில் செய்வது உங்களைக் கூப்பிடுவதுதான்.

இனி சத்தம். முகம் மங்கலாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு புரியாவிட்டால் நேர்காணலே இல்லை. லேப்டாப்பின் சொந்த மைக், உங்கள் வாயிலிருந்து ஒரு முழத்துக்கும் அப்பால் இருக்கிறது. டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள அறையில் எதிரொலியும், தலைக்கு மேல் ஓடும் ஃபேனும், உங்கள் குரலுக்குச் சமமாக அதற்குக் கேட்கும். மெத்தை, திரைச்சீலை, துணி அலமாரி உள்ள படுக்கையறை இதற்கு ஹாலைவிட நல்லது.

ஒயர் உள்ள இயர்ஃபோனே மேல் என்பது என் கட்சி. புளூடூத் இயர்பட்ஸில் பாட்டு நன்றாகக் கேட்பது உண்மை. ஆனால் அதன் மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும், பெரும்பாலான லேப்டாப்களில் அது தொலைபேசிப் பேச்சுக்கான தரத்துக்கு இறங்கிவிடும். இரண்டு பக்கமும் குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலாகும். நடுவில் சார்ஜ் தீரும் கவலை வேறு. ஒயர் இயர்ஃபோனிலும் ஒரு தொல்லை உண்டு: ஒயரில் தொங்கும் மைக், சட்டைக் காலரிலோ துப்பட்டாவிலோ செயினிலோ உரசினால் பேசுபவருக்குக் கேட்காது, கேட்பவருக்குக் காதுக்குள் கரகரவென்று இருக்கும். ஒரு சிறிய கிளிப்பால் ஒயரைச் சட்டையில் நிறுத்திவிடுங்கள். அந்த இயர்ஃபோன் லேப்டாப், ஃபோன் இரண்டிலும் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். ஃபோனில் டைப்-சி துளை மட்டும் இருந்து, இயர்ஃபோன் பழைய உருண்டைப் பின்னாக இருந்தால், மாற வேண்டிய நேரத்தில் காது இருக்காது.

ஜூம் என்றால் zoom.us/test என்ற முகவரியில் சோதனைக் கூட்டத்துக்குள் நுழைந்து, உங்கள் குரலைப் பதிந்து திரும்பக் கேட்கலாம். ஃபேன் ஐந்தில், இரண்டில், நிறுத்தி என்று மூன்று முறை பேசிக் கேளுங்கள். இரைச்சலை நீக்கும் வசதி ஃபேன் சத்தத்தைக் குறைக்கத்தான் செய்யும். ஆனால் அதோடு வாக்கியத்தின் கடைசி எழுத்துகளையும் விழுங்கிவிடுவது உண்டு. சார்ஜரைச் செருகியும் கழற்றியும் ஒருமுறை கேளுங்கள். செருகும்போது மட்டும் ‘ம்ம்ம்’ என்று ரீங்காரம் வந்தால் எர்த் சரியில்லாத பாயின்டாக இருக்கலாம். வேறு பாயின்டில் போட்டுப் பாருங்கள். குக்கர் விசிலுக்கும் மிக்ஸிக்கும் மென்பொருளில் மருந்து தேட வேண்டாம். “அம்மா, பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை அடுப்படியில் சத்தம் வேண்டாம்” என்று சொல்லிவிட்டால் போதும்.

பின்னணிக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். சாமி படமோ காலண்டரோ இருப்பதில் ஒன்றும் தவறில்லை. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால், வெளிச்சத்துக்கு ஏற்பக் கேமரா தன்னைச் சரிசெய்துகொண்டு உங்கள் முகத்தைக் கறுப்பாக்கிவிடும். ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். லேப்டாப்பைப் புத்தகங்களின் மேல் உயர்த்திக் கேமராவைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பின்னால் பீரோ இருந்தால் அதன் கண்ணாடியைக் கவனியுங்கள்: அறையின் எதிர்ப்பக்கம் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் தம்பி அதில் தெரிவார், யாரோ பதில் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று நினைக்க அது போதும். ஒரு போர்வையால் மூடிவிடுங்கள். கடற்கரை, அலுவலகம் என்று வரும் செயற்கைப் பின்னணிகள், கையை அசைத்தால் விரலை விழுங்கும். பழைய லேப்டாப்பைச் சூடாக்கிப் பேட்டரியையும் குடிக்கும். வெறும் சுவர் போதும்.

நேர்காணல் அன்று காலை லேப்டாப்பை ஒருமுறை அணைத்துத் திறந்து, காத்திருக்கும் அப்டேட்டுகளை முடித்துவிடுங்கள். பிறகு ஒரு தாளில் கூட்டத்தின் எண், கடவுக்குறியீடு, எச்ஆரின் தொலைபேசி எண் மூன்றையும் கையால் எழுதி மேசை மேல் வையுங்கள். லேப்டாப் அணைந்தால் அதிலிருக்கும் மின்னஞ்சலும் சேர்ந்தே போய்விடும். இணைப்பு அறுந்து மீண்டும் உள்ளே வந்ததும் நீண்ட மன்னிப்பு வேண்டாம். “கரண்ட் போய்விட்டது, இப்போது ஃபோனில் பேசுகிறேன். கேள்வியின் இரண்டாவது பாதி கேட்கவில்லை, திரும்பச் சொல்ல முடியுமா?” என்று கேட்டுவிட்டுப் பதிலைத் தொடருங்கள்.