குளித்ததும் ஓட்டம், படுக்கும் முன் வட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலை. கிணற்றடியில் செவலையைக் குளிப்பாட்டி, பழைய துண்டால் துடைத்து, கழுத்துக் கயிற்றை அவிழ்த்ததுதான் தாமதம். உடம்பை ஓர் உலுப்பு உலுப்பியது. அடுத்த நொடி இடுப்பைத் தரையோடு தாழ்த்தி, வாலை உள்ளே இழுத்து, காதுகளைப் பின்னால் மடித்துக்கொண்டு பாய்ந்தது. தென்னையைச் சுற்றி, துவைக்கிற கல்லைச் சுற்றி, மறுபடி தென்னை. திரும்பும் இடத்தில் மண் தெறித்தது. பக்கத்து வீட்டு அம்மா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு அலறினார்: "தம்பி, நாய்க்கு வெறி பிடிச்சிருச்சுப்பா! முதல்ல கதவைச் சாத்து!"

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. செவலை என் காலடியில் வந்து நாக்கைத் தொங்கவிட்டுப் படுத்துக்கொண்டது.

அந்த அம்மாவின் பயத்தில் தவறில்லை. வெறிநாய்க்கடி இன்னமும் ஆளைக் கொல்கிற நாடு இது. ஆனால் செவலை செய்ததற்கு நாய் வளர்ப்பவர்கள் ஆங்கிலத்தில் ஜூமீஸ் என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாய்க்குள் சேர்ந்து கிடக்கும் துடிப்பு ஒரேயடியாக வெளியே வருகிற ஓட்டம் அது. குட்டிகளும் இரண்டு மூன்று வயதுக்குள் இருக்கும் நாய்களும் அதிகமாக ஓடும். வயதான நாயும் எப்போதாவது ஓடும். காலையில் தூங்கி எழுந்ததும், நாளெல்லாம் கட்டிக் கிடந்து சாயங்காலம் அவிழ்த்துவிட்டதும், வெளியே போயிருந்த வீட்டுக்காரர் திரும்பி வந்ததும், மலம் கழித்த கையோடும் இது வரும். எல்லாவற்றையும்விடக் குளித்ததும் வரும். அசையாமல் நிற்கவைத்துத் தண்ணீர் ஊற்றிய கட்டாயம் தீர்ந்த விடுதலையும், உடம்பில் ஒட்டிய ஈரத்தையும் சோப்பு வாசனையையும் போக்கிக்கொள்ளும் அவசரமும் அதில் சேர்ந்திருக்கின்றன. நனைந்த நாய் உடம்பை உலுப்பிச் சில நொடிகளிலேயே ரோமத்தில் உள்ள தண்ணீரில் 70 சதவீதம் வரை உதறிவிடும் என்று அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தினர் அளந்து சொல்லியிருக்கிறார்கள். மிச்ச ஈரத்தை மண்ணிலும் மெத்தையிலும் தேய்த்துக்கொள்ளத்தான் அது ஓடுகிறது, புரளுகிறது.

இந்த ஓட்டத்தை வெறிநோயிலிருந்து பிரித்தறிவது கடினமில்லை. ஓடும் நாயின் வாய் தளர்ந்து திறந்திருக்கும். நடுநடுவே முன்னங்கால்களை நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, விளையாட வா என்று கூப்பிடும். மரத்தையும் கல்லையும் மயிரிழையில் விலகிப் போகும். சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும், பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கும். வெறிநோய் வந்த நாயிடம் இதில் எதுவுமே இருக்காது. அதன் குணம் மாறும், குரல் கம்மிப்போகும். விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகும், தாடை தொங்கும். குச்சி, கல் என்று எதிர்ப்பட்டதைக் கடிக்கும். கால்கள் தள்ளாடும். அறிகுறி தெரிந்த பிறகு பெரும்பாலும் 10 நாளுக்குள் இறந்துவிடும். எந்த நாய் கடித்தாலும், பல் லேசாகப் பட்டாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். நாயைப் பார்த்தால் நல்லபடியாகத்தான் இருக்கிறது என்று யாரும் அங்கே காத்திருக்கக் கூடாது.

ஓடுகிற நாயைத் துரத்திப் பிடிக்கப் போகாதீர்கள். துரத்தினால் அது விளையாட்டாகிவிடும், ஓட்டம் இன்னும் நீளும். நீங்கள் எதிர்ப்பக்கம் நான்கு அடி ஓடினால் அது உங்கள் பின்னால் வரும். பயப்பட வேண்டியது வழுக்கும் டைல்ஸ் தரைக்கும் மாடிப்படிக்கும் தெருவைப் பார்த்துத் திறந்து கிடக்கும் கேட்டுக்கும்தான். குளிப்பாட்டுவதற்கு முன்பே கேட்டைச் சாத்திவிடுங்கள்.

ஓட்டம் இப்படியென்றால், படுக்கும்போது இன்னொரு சடங்கு. செவலை சாக்கின் மேல் ஏறி இரண்டு சுற்றுச் சுற்றும். முன்னங்காலால் சாக்கைப் பிறாண்டும். இன்னொரு அரைச் சுற்று. பிறகு தொப்பென்று விழுந்து மூக்கை வாலுக்குள் செருகிக்கொள்ளும். ஓநாய்களும் படுக்கும் முன் சுற்றும். நாயின் முன்னோர் படுத்தது புல்லும் சருகும் முள்ளும் கிடந்த தரையில். ஏறி மிதித்துச் சுற்றினால் புல் அமுங்கும், உள்ளே பாம்போ பூச்சியோ இருந்தால் விலகும், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மூக்குக்குத் தெரியும். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் ஸ்டான்லி கோரன் இதை எளிய முறையில் சோதித்துப் பார்த்தார். 62 நாய்களில் சிலவற்றைச் சமமான விரிப்பிலும், சிலவற்றை மேடும் பள்ளமுமாகச் சுருண்டு கிடந்த விரிப்பிலும் படுக்கவிட்டார். கசங்கிய விரிப்பில் சுற்றிய நாய்கள் ஏறக்குறைய மூன்று மடங்கு. அப்படியென்றால் நாய் கண்மூடித்தனமாகச் சுற்றவில்லை, படுக்கையைச் சரிசெய்கிறது. எனக்கு இந்த விளக்கம்தான் மனசுக்குப் பொருந்துகிறது, நம் தெரு நாய்களிடம் தினமும் பார்க்கலாமே. சித்திரை வெயிலில் அவை ஜல்லி மேட்டை விட்டுவிட்டு மணல் குவியலில் ஏறும். சூடான மேல் மணலைப் பறித்துத் தள்ளி, உள்ளே குளிர்ந்த மணலில் வயிற்றைப் பரப்பிப் படுக்கும். மார்கழிப் பனியில் அதே நாய் பந்து போலச் சுருண்டுகொள்ளும். சுருண்டால் காற்றுப் படும் உடம்பு குறையும், சூடு நிற்கும்.

மலம் கழிக்கும் முன் சுற்றுவது வேறு கதை. செக் நாட்டு, ஜெர்மன் ஆய்வாளர்கள் 70 நாய்களை இரண்டு வருடம் கவனித்து 2013-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பூமியின் காந்தப்புலம் அலையாமல் அமைதியாக இருக்கும் வேளைகளில், கயிறில்லாமல் திறந்த வெளியில் இருக்கும் நாய்கள் வடக்கு தெற்காக நின்று கழிப்பதையே விரும்பின. ஏன் என்பதற்கு விடை கிடைக்கவில்லை.

இந்தச் சுற்றலில் எண்ணிக்கையையும் முடிவையும் பாருங்கள். இரண்டு மூன்று சுற்று, பிறகு படுக்கை. அதற்கு மேல் சுற்றிச் சுற்றி வந்து, படுக்கப்போய் எழுந்து, முனகி, மறுபடி சுற்றினால் இடுப்பு மூட்டிலோ வயிற்றிலோ வலி இருக்கலாம். வயதான நாய் இரவில் ஓயாமல் நடந்து, மூலையில் போய் மாட்டிக்கொண்டு திரும்பத் தெரியாமல் நின்றால் அது முதுமைத் தடுமாற்றம். எப்போதும் ஒரே பக்கமாகவே சுற்றுவதும், சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நிற்பதும் மூளை சம்பந்தப்பட்ட அறிகுறிகள். தடுப்பூசி போடாத குட்டிக்கு இதோடு தசை வெட்டி வெட்டி இழுத்தால் டிஸ்டெம்பராக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

இனி தலை சாய்ப்பது. "கடைக்குப் போலாமா?" என்றால் போதும், செவலையின் தலை இடப்பக்கம் சரியும். ஒன்றிரண்டு நொடி அப்படியே நிற்கும். பிறகு நிமிரும். பார்ப்பவருக்கு உருகிவிடும்.

ஏன் சாய்க்கிறது? ஒலி எந்த உயரத்திலிருந்து வருகிறது என்று இரு காதுகளையும் மேலும் கீழுமாக வைத்துப் பிடிக்கிறது என்பார்கள். நீண்ட மூக்கு நம் வாயை மறைப்பதால் முகம் முழுவதையும் பார்க்கச் சாய்க்கிறது என்பதும் ஒரு கருத்து. கோரன் 582 நாய் வளர்ப்பாளர்களிடம் கேட்டபோது, மூக்கு நீண்ட நாய் வைத்திருந்தவர்களில் 71 சதவீதத்தினர் அது அடிக்கடி தலை சாய்க்கும் என்றார்கள். தட்டை மூக்கு நாய்க்காரர்களிலும் 52 சதவீதத்தினர் அதையே சொன்னார்கள். மூக்கு ஒரு காரணமாகலாம், அதுவே முழுக் காரணமில்லை.

2021-இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில், எத்வோஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தில் ஆந்திரேயா சொம்மேசே குழுவினர் செய்த ஆய்வு இன்னும் ஆழமாகப் போனது. மொத்தம் 40 நாய்கள். அவற்றில் 7 பார்டர் கோலி நாய்கள் பொம்மைகளின் பெயரைச் சட்டென்று கற்றுக்கொள்ளும் அபூர்வத் திறமை உள்ளவை. மற்ற 33 சாதாரண நாய்கள். பொம்மைகள் வேறு அறையில். எஜமானர் நாயின் முன்னால் இருந்து, இன்ன பொம்மையைக் கொண்டுவா என்று பெயர் சொல்வார். திறமைசாலி நாய்கள் 43 சதவீத முறை தலையைச் சாய்த்தன. சாதாரண நாய்கள் 2 சதவீதம்தான். அதோடு, ஒவ்வொரு நாயும் எஜமானர் எங்கே நின்றாலும் தனக்குப் பிடித்த ஒரே பக்கம்தான் சாய்த்தது. ஒலி வரும் திசையைத் தேடுவது மட்டுமாக இருந்தால் பக்கம் மாறியிருக்க வேண்டும். காதில் விழுந்த பெயரை, மனசில் இருக்கும் பொம்மையோடு சேர்த்துப் பார்க்கும் கவனத்தின் அடையாளமாக இது இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. ஏழே நாய்களை வைத்து முடிந்த முடிவாகச் சொல்ல அவர்களும் துணியவில்லை. சாய்த்ததும் நாம் கொஞ்சுவதும் பிஸ்கட் போடுவதும் பழக்கத்தை வளர்க்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

போன ஐப்பசி மழைக்குப் பிறகு செவலை யாரும் பேசாதபோதும் தலையைச் சாய்க்கத் தொடங்கியது. முதல் இரண்டு நாள் நானும் ரசித்தேன். மூன்றாம் நாள் சோற்றுத் தட்டில் வாய் வைத்திருக்கும்போதும் தலை இடப்பக்கம் சரிந்தே இருந்தது. நடக்கும்போதும் அப்படியே. பின்னங்காலால் காதடியைச் சொறிந்தது. காது மடலைத் தூக்கினேன். காப்பிப்பொடி நிறத்தில் அழுக்கு, புளித்த மாவு வாடை.

கால்நடை டாக்டர் விளக்கு வைத்த கருவியைக் காதுக்குள் விட்டு முதலில் செவிப்பறையைப் பார்த்தார். பஞ்சுக் குச்சியில் அழுக்கை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். ஈஸ்ட் கிருமி. "பறை நல்லாருக்கு சார், அதனால சொட்டு மருந்து விடலாம். கிழிஞ்சிருந்தா சில மருந்து உள்ள போய்க் காதையே செவிடாக்கிடும். வேப்பெண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவும் ஊத்தலையே?" என்றார். ஊற்றவில்லை, ஆனால் ஊற்றலாமா என்று யோசித்திருந்தேன். இரண்டு வாரம் காதைச் சுத்தம் செய்து சொட்டு விட்டோம். தலை நிமிர்ந்தது.

கண்விழி பக்கவாட்டில் வெட்டி வெட்டி ஓடுகிறதா என்றும் அவர் பார்த்தார். வயதான நாய் திடீரென்று தலை சாய்ந்து, விழி ஓடி, ஒரு பக்கமாக விழுந்தால் பக்கவாதம் வந்துவிட்டது, இனி பிழைக்காது என்று பலர் நினைத்துவிடுகிறார்களாம். பெரும்பாலும் உடம்பைச் சமநிலையில் வைக்கும் உட்காதுப் பகுதியின் கோளாறு அது. காரணம் தெரியாமல் வரும் வகை, இரண்டு மூன்று நாளில் தணியத் தொடங்கிச் சில வாரங்களில் தேறிவிடும். சிலவற்றுக்குத் தலை லேசாகச் சாய்ந்தபடியே நின்றுவிடுவதும் உண்டு.

கிளம்பும்போது டாக்டர் இன்னொன்று சொன்னார். "மேஜை மேல ஏத்தினா பயத்துல எந்த நாயும் வீட்ல செய்யறதைச் செஞ்சு காட்டாது சார். அடுத்த தடவை செல்போன்ல வீடியோ எடுத்துட்டு வாங்க. ஆரம்பத்திலேர்ந்து அது நிக்கிற வரைக்கும்."