'ஏ'யா, 'ஆன்'னா, 'தி'யா? தமிழைக் கேட்டால் தெரியும்

லூனாஸ் வட்டாரத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. அதற்கு முன்பு பழகும் தமிழிலும் மலாயிலும் ஆர்ட்டிகல் கிடையாது. அதனால்தான் படிவம் ஐந்து வரைக்கும், அதற்குப் பிறகு வேலைக்கான கடிதத்திலும், 'ஏ', 'ஆன்', 'தி' விடுபட்டுப் போகின்றன.

ஆர்ட்டிகல் இல்லையே தவிர, அது சொல்லும் வேறுபாடு தமிழில் இருக்கிறது. 'மோட்டார் வாங்கினான்' என்பதையும் 'மோட்டாரை வாங்கினான்' என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதலாவதில் ஏதோ ஒரு மோட்டார். இரண்டாவதில் நாம் ஏற்கெனவே பேசிய, உங்களுக்கும் தெரிந்த மோட்டார். முதலாவது ஆங்கிலத்தில் 'ஏ மோட்டார்சைக்கிள்', இரண்டாவது 'தி மோட்டார்சைக்கிள்'. இங்கே 'தி' செய்யும் வேலையை இரண்டாம் வேற்றுமை உருபான 'ஐ' செய்கிறது. 'கதவைச் சாத்து' என்கிறோம். 'கதவு சாத்து' என்று யாரும் சொல்வதில்லை. எந்தக் கதவு என்பது இருவருக்கும் தெரியும், ஆகவே 'ஷட் தி டோர்'. 'டீ குடித்தேன்' என்றால் வெறும் 'டீ'. எண்ண முடியாத பொருளுக்கு 'ஏ' வராது. 'டீயைக் குடித்தேன்' என்றால் 'தி டீ'.

இந்தச் சோதனை எல்லா இடத்திலும் கைகொடுக்காது. மனிதர்களுக்குத் தமிழில் எப்போதும் 'ஐ' வந்துவிடும். 'டாக்டரைப் பார்த்தேன்' என்பதில் யாரோ ஒரு டாக்டரா, வழக்கமாகப் பார்ப்பவரா என்று தெரியாது. எழுவாயிலும் உருபு இல்லை. 'நேற்று ஒரு நாய் வந்தது. நாய் செருப்பைக் கடித்தது' என்பதில் இரண்டாவது 'நாய்' வெறுமனே நிற்கிறது. அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் 'தி' காணாமல் போகிறது. இப்படிப்பட்ட இடங்களில் மனதுக்குள் 'அந்த' சேர்த்துப் பாருங்கள். 'அந்த நாய் கடித்தது' பொருந்துகிறது, ஆகவே 'தி டாக்'. ஊர், ஆள் பெயர்களுக்கும், 'மை', 'யுவர்' வரும் சொற்களுக்கும் இந்தச் சோதனை வேண்டாம். 'தி லூனாஸ்' கிடையாது, 'தி மை ஃபாதர்' கிடையாது.

'ஏ'வா 'ஆன்'னா என்பதில் நமக்கு ஒரு வசதி உண்டு. 'ஓர் ஊர்', 'ஒரு வீடு' என்று உயிரொலி பார்த்து எழுதப் பழகியவர்கள் நாம். ஆங்கிலத்திலும் எழுத்தை அல்ல, ஒலியைத்தான் பார்க்க வேண்டும். ஆங்கில எழுத்தில் 'எச்' என்று தொடங்கினாலும் ஒரு மணி நேரம் 'அவர்' என்றே ஒலிக்கிறது, ஆகவே 'ஆன் அவர்'. பள்ளிச் சீருடை 'யு' என்ற எழுத்தில் தொடங்கினாலும் ஒலி 'யூ'. 'ஒரு யானை' என்றுதானே எழுதுகிறோம்? அதேபோல 'ஏ யூனிஃபார்ம்'. சுருக்கப் பெயர்களுக்கும் இதே கணக்குதான்: 'ஆன் எஸ்.பி.எம். சர்ட்டிஃபிகேட்', 'ஆன் எம்.பி.'

ஒரு பொறியும் உண்டு. 'ஆஸ்பத்திரி', 'ஓட்டல்' என்று நாம் 'ஹ' ஒலியை விழுங்கிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது 'ஹாஸ்பிட்டல்', 'ஹோட்டல்', எனவே 'ஏ'. 'ஒன்' என்று எழுதினாலும் உச்சரிப்பு 'வன்', ஆகவே ஒரு வெள்ளி நோட்டு 'ஏ ஒன்-ரிங்கிட் நோட்'. முட்டையை நம்மில் பலர் 'யெக்' என்கிறோம். சரியான ஒலி 'எக்', ஆகவே 'ஆன் எக்'.

கூலிமில் ஒரு தொழிற்சாலைக்கு எழுதும் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். 'ஐ ஆம் எஸ்.பி.எம். ஹோல்டர். மை ஃபாதர் இஸ் ரப்பர் டேப்பர். ஐ சா அட்வர்டைஸ்மென்ட் அட் யுவர் கேட்.' மூன்று வரியிலும் ஓட்டை. 'எஸ்' உயிரொலி, எனவே 'ஆன் எஸ்.பி.எம். ஹோல்டர்'. தமிழில் 'அப்பா மரம் சீவுபவர்' என்றால் போதும், 'ஒரு' தேவையில்லை. ஆங்கிலத்தில் ஒருவரின் தொழிலைச் சொல்லும்போது 'ஏ' கட்டாயம், எனவே 'ஏ ரப்பர் டேப்பர்'. நம்மவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான் என்பேன். மூன்றாவது வரி தமிழில் 'உங்கள் கேட்டில் விளம்பரத்தைப் பார்த்தேன்'. 'ஐ' இருக்கிறது, எந்த விளம்பரம் என்பது முதலாளிக்கும் தெரியும், எனவே 'தி அட்வர்டைஸ்மென்ட்'. 'யுவர் கேட்' அப்படியே நிற்கட்டும்.

விதிவிலக்குகளில் பள்ளியும் மருத்துவமனையும் தினமும் வருபவை. பிள்ளை படிக்கப் போனால் 'கோஸ் டு ஸ்கூல்', ஆர்ட்டிகல் இல்லை. அப்பா ஆசிரியரைப் பார்க்கப் போனால் 'வென்ட் டு தி ஸ்கூல்'. நோயாளியாகப் படுத்திருப்பவர் 'இன் ஹாஸ்பிட்டல்'. பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனவர் 'அட் தி ஹாஸ்பிட்டல்'. இது நம் பள்ளிகளில் சொல்லித்தரும் பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கர்கள் நோயாளிக்கும் 'தி' போடுவார்கள், படங்களில் கேட்டுக் குழம்ப வேண்டாம். ஆற்றுக்கு 'தி' உண்டு, 'தி மூடா ரிவர்'. மலைக்கு இல்லை, வெறும் 'குனோங் ஜெராய்'.