கோடவுனைத் தொடாத கம்பி

கோயம்புத்தூரில் கம்பி வியாபாரம் செய்கிறவர் ஒருவர் என்று வையுங்கள். பெங்களூருவில் கட்டடம் கட்டும் நிறுவனம் ஒன்று அவரிடம் 40 டன் முறுக்குக் கம்பி கேட்கிறது. கம்பி இருப்பது கும்மிடிப்பூண்டி ஆலையில். அதைக் கோவைக்கு வரவழைத்து, இறக்கி, மறுபடி ஏற்றி அனுப்பினால் லாரி வாடகையிலும் ஏற்று இறக்குக் கூலியிலும் லாபம் கரைந்துவிடும். அதனால் அவர் ஆலைக்குப் போன் போட்டு, “லோடை நேரா பெங்களூரு சைட்ல இறக்கிடுங்க, பில்லை நம்ம பேர்ல போடுங்க” என்கிறார்.

லாரிக்கு ஒரே பயணம்தான். கணக்குக்கு அப்படி இல்லை. ஆலை வியாபாரிக்கு விற்றது ஒரு விற்பனை, வியாபாரி பெங்களூருவுக்கு விற்றது இன்னொன்று. இரண்டையும் ஈ.ஆர்.பி. மென்பொருள் கோத்து வைக்க வேண்டும்.

எஸ்.ஏ.பி. மென்பொருளில் இது எப்படி நடக்கிறது? VA01 திரையில் வாடிக்கையாளரின் ஆர்டரைப் பதிகிறார்கள். அந்த வரியின் வகை TAS என்றிருந்தால், ‘இந்தச் சரக்கு நம் கோடவுனிலிருந்து போகாது’ என்று பொருள். ஆர்டரைச் சேமித்ததும் கொள்முதல் கோரிக்கை ஒன்று தானாகவே பிறக்கும். அதில் இறக்க வேண்டிய இடமாக பெங்களூரு முகவரியே இருக்கும். கொள்முதல் பிரிவு அதை ஆர்டராக்கி ஆலைக்கு அனுப்புகிறது. வியாபாரியின் இருப்புக் கணக்கில் ஒரு கிலோகூடக் கூடுவதில்லை, குறைவதுமில்லை.

இனிதான் சூட்சுமம். சரக்கு எவ்வளவு போயிற்று என்பது வியாபாரிக்கு நேரில் தெரியாது. ஆலையின் பில்தான் அவருக்குச் சாட்சி. முதல் லாரி எடை மேடையில் 19.8 டன் காட்டுகிறது. ஆலை அந்த அளவுக்கே பில் போடுகிறது. அதை MIRO திரையில் பதிந்த பிறகுதான், VF01 திரையில் வாடிக்கையாளருக்கு அதே 19.8 டன்னுக்குப் பில் போட மென்பொருள் வழிவிடும். மீதி 20.2 டன் ஆர்டரில் நிலுவையாக நிற்கும். டன்னுக்கு 50,000 ரூபாய்க்கு வாங்கி 52,000 ரூபாய்க்கு விற்றால், இந்த லோடில் வரவு 39,600 ரூபாய்.

இந்தப் பூட்டு நல்லதுதான். போகாத சரக்குக்குப் பில் போகாது. ஆனால் ஜி.எஸ்.டி. சட்டப்படி, சரக்கு கிளம்பும் முன்போ கிளம்பும்போதோ விற்பவர் பில் போட்டாக வேண்டும். ஆலையின் பில் தபாலில் வரட்டும் என்று நான்கு நாள் காத்திருந்தால், லாரி இறக்கிவிட்டுத் திரும்பிய பிறகுதான் வியாபாரியின் பில் பிறக்கும். லோடு ஏறும்போதே ஆலை பில்லை மின்னஞ்சலில் அனுப்ப, இங்கே உடனே பதிய வேண்டும். ஏற்பாடு இவ்வளவுதான், ஆனால் பல இடங்களில் தவறுவதும் இதுவேதான்.

தவறினால் இன்னொரு சங்கடமும் உண்டு. இந்த வகை விற்பனைக்கு ஒரே இ-வே பில் போதும்; ஆலையும் எடுக்கலாம், வியாபாரியும் எடுக்கலாம் என்று 2018 ஏப்ரலில் மத்திய அரசு விளக்கியது. ஆலை எடுத்தால் அதில் இருப்பது ஆலையின் பில் விவரம். டிரைவர் அந்தப் பில்லையே சைட்டில் நீட்டினால், 50,000 ரூபாய் என்ற கொள்முதல் விலை வாடிக்கையாளர் கண்ணில் படும். அடுத்த ஆர்டருக்கு அவர் நேராக ஆலைக்கே பேசினால் யாரைக் குறை சொல்வது? வியாபாரி தன் பில்லை வைத்து, ‘அனுப்பும் இடம்’ என்று ஆலையின் முகவரியைக் காட்டி, தானே இ-வே பில் எடுப்பதுதான் என் கணக்கில் புத்திசாலித்தனம்.

வரியிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. லாரி தமிழ்நாட்டிலிருந்து கர்நாடகத்துக்குப் போவதைப் பார்த்து, இரண்டு பில்லிலும் ஐ.ஜி.எஸ்.டி. போட்டுவிடுகிறார்கள். தவறு. ஒருவர் சொல்லி வேறொருவரிடம் இறக்கும் சரக்கை, சொன்னவரே பெற்றதாக ஐ.ஜி.எஸ்.டி. சட்டத்தின் 10(1)(b) பிரிவு கருதுகிறது. அதனால் ஆலையின் பில் தமிழ்நாட்டுக்குள் நடந்த விற்பனை: மத்திய வரி 9, மாநில வரி 9 சதவீதம். வியாபாரியின் பில்லுக்குத்தான் 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி. கம்பியைக் கண்ணால் பார்க்காவிட்டாலும், ஆலைக்குக் கட்டிய வரியை அவர் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. வாடிக்கையாளர் பாதியில் போன் செய்து 40 டன்னை 30 ஆக்கினால், விற்பனை ஆர்டரை மட்டும் திருத்திவிட்டு உட்காராதீர்கள். ஆலைக்குப் போன கொள்முதல் ஆர்டர் தானாக மாறாது. அதையும் கையால் திருத்தி, ஆலைக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.