அடித்த கேள்வி, திருத்திய எண்: எது செல்லும்?

பள்ளித் தேர்வு முடிந்த அன்று சாயங்காலமே வினாத்தாள் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். டியூஷன் எடுப்பவர்கள் அதை வாங்கி டைப் செய்து, அடுத்த வருடப் பிள்ளைகளுக்குப் பயிற்சித் தாளாகக் கொடுப்பார்கள். ஆனால் படத்தில் அச்சு மட்டும் இருக்காது. ஓர் எண்ணின் மேல் இன்னொரு எண் எழுதியிருக்கும், ஒரு கேள்வியின் குறுக்கே கோடு போட்டிருக்கும். எதை எடுத்துக்கொள்வது?

திருத்தம் எப்போது விழுந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். ஜெராக்ஸுக்குக் கொடுக்கும் முன்பே ஆசிரியர் திருத்தியிருந்தால், அது எல்லாப் பிரதியிலும் அச்சின் கறுப்பிலேயே, ஒரே இடத்தில், ஒரே வடிவில் இருக்கும். தேர்வறையில் வாயால் சொன்ன திருத்தம் என்றால் திருத்தம் ஆசிரியருடையது, எழுத்து பிள்ளையுடையது. பேனாவின் நீலம் தெரியும். மொபைல் ஸ்கேனர் ஆப்பில் கறுப்பு வெள்ளையாக மாற்றி அனுப்பினால் இந்த வித்தியாசமே அழிந்துபோகும். அதனால் கலர் படத்தையே, டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். கூடவே அதே வகுப்பில் இன்னொரு பிள்ளையின் தாளையும் கேட்டு வாங்குங்கள். இரண்டு தாளிலும் அதே திருத்தம் இருந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்தது.

மீதிப் பாதியைக் கணக்கே சொல்லிவிடும். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் ஒரு மார்க் கேள்வி இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: கூட்டுத்தொடர் வரிசையின் முதல் உறுப்பு 6, பொது வித்தியாசம் 5 எனில் 10-வது உறுப்பு என்ன? அந்த 5-ன் மேல் பேனாவால் அழுத்தி எழுதியிருக்கிறது. அது 6-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. விடைகள் 54, 60, 66, 70. வித்தியாசம் 5 என்றால் விடை 51. அது பட்டியலிலேயே இல்லை. அச்சு தப்பு என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. 8 என்றால் 78, அதுவும் இல்லை. 6 என்றால் 60, இருக்கிறது. இன்னும் ஒன்று கவனியுங்கள். ஒன்பது ஆறு 54 என்று போட்டு, முதல் உறுப்பைக் கூட்ட மறப்பவர்களுக்கு 54 வைத்திருக்கிறது. ஒன்பதுக்குப் பதிலாகப் பத்தால் பெருக்குபவர்களுக்கு 66. தப்பான விடைகள்கூட 6-ஐ மனதில் வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. கேள்வி தயாரித்தவர் நினைத்தது 6 என்பதில் சந்தேகமே இல்லை.

அடித்த கேள்விதான் கொஞ்சம் வம்பு. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வு மாதிரியில் வைக்கும் தாளின் இரண்டாம் பகுதியில் 15 முதல் 28 வரை பதினான்கு கேள்விகள். பத்துக்கு விடை எழுதினால் போதும்; 28 கட்டாயம். போர்ஷன் முடியவில்லை என்று ஆசிரியர் 19-ஐ அடிக்கச் சொல்லியிருந்தாலும் மீதி பதின்மூன்றில் பத்து எழுதலாம், அந்தப் பகுதியின் 20 மார்க் அப்படியே இருக்கும். ஆக, மார்க்கைக் கூட்டிப் பார்த்து இங்கே எதையும் கண்டுபிடிக்க முடியாது. எத்தனை கேள்வி அடிபட்டிருக்கிறது என்று எண்ணுங்கள். சரியாக நான்கு அடிபட்டு, 28 மட்டும் தப்பியிருந்தால், அது பெரும்பாலும் பிள்ளை தனக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய கேள்விகள். ஒன்றுதான் அடிபட்டிருக்கிறது, பக்கத்துப் பிள்ளையின் தாளிலும் அதே கேள்வி என்றால் ஆசிரியர் நீக்கியது. கட்டாயக் கேள்வியே அடிபட்டிருந்தால் அதற்கு மாற்றுக் கேள்வி கொடுத்திருப்பார்கள். ஓரத்திலோ தாளின் பின்பக்கமோ தேடுங்கள்.

அரசுப் பொதுத்தேர்வுத் தாள் என்றால் பேனா எழுத்தைப் பொருட்படுத்தவே வேண்டாம். அங்கே கேள்வி தப்பாக இருந்தாலும் அறைக் கண்காணிப்பாளர் தன்னிஷ்டத்துக்குத் திருத்த முடியாது. அதற்கு மார்க் உண்டா என்பது பிறகு விடைக்குறிப்பில் முடிவாகும்.

எதற்காகக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தும் பதில் மாறும். உங்கள் பிள்ளையின் மார்க்கைச் சரிபார்க்கிறீர்கள் என்றால் அன்று அந்த அறையில் சொன்னதுதான் செல்லும். பக்கத்து செக்‌ஷனில் திருத்தத்தைச் சொல்லாமலே விட்டிருந்தால், அந்தப் பிள்ளைகள் 51 என்று கணக்குப் போட்டுவிட்டு விடையைத் தேடித் தவித்திருப்பார்கள். அவர்களுக்கு மார்க் கேட்பது நியாயம். பயிற்சிக்காக டைப் செய்பவர் சரியான 6-ஐ எழுதிவிட்டு, அச்சில் 5 இருந்தது என்று அடியில் ஒரு வரி போட்டால் போதும்.

டைப் செய்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 19-ஐ நீக்கிவிட்டு 20-ஐ 19 ஆக்காதீர்கள். விடைத்தாளிலும் விடைக்குறிப்பிலும் பழைய எண்தான் இருக்கும். அதன் பிறகு வருகிற எல்லா விடையும் ஒன்று தள்ளிப்போய்விடும். 19 என்று போட்டு, பக்கத்தில் ‘நீக்கப்பட்டது’ என்று மட்டும் எழுதுங்கள்.